பாஸ்டனில் உதிர்ந்த கண்ணாடிகள்

1973 ஜனவரி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கட்டுமானத்தில் இருந்த அறுபது மாடி ஜான் ஹான்காக் கோபுரத்திலிருந்து, சூறைக்காற்றில் கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 227 கிலோ எடை. உடைந்த இடங்களில் ஒட்டுப்பலகை அடித்தார்கள்; காற்று வலுக்கும்போதெல்லாம் கீழே தெருவை மூடினார்கள். கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் கழற்றி, வேறு வகையை மாட்டினார்கள்.

முதலில் இருந்தது இரட்டைக் கண்ணாடி. இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, ஓரம் முழுக்க மூடிய பலகம். நம் ஊர் ஒப்பந்தக்காரர்கள் ‘டி.ஜி.யூ.’ என்பார்கள். அந்தக் கோபுரத்தில் இரு தகடுகளையும் பிரித்துப் பிடித்த ஈயச் சட்டம், கண்ணாடியோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. வெயிலிலும் காற்றிலும் கண்ணாடி ஓயாமல் அசையும். இணைப்பு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்திருக்க வேண்டும், அது கொடுக்கவில்லை. பாரம் கண்ணாடியின் விளிம்பில் ஏறி, விரிசல் அங்கே தொடங்கியது. இன்றைய பலகங்களில் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஈரம் புகாத பியூட்டைல் பசையும், வெளிச்சுற்றில் ரப்பர் போல் இழுபடும் சிலிகானும் இருக்கின்றன. சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள். இவை தளர்ந்தால் இடைவெளிக்குள் பனி படியும். எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாத மங்கல் அது. பலகத்தையே மாற்ற வேண்டியதுதான்.

குளிர்நாட்டில் உள்சூட்டைக் காப்பது அந்த இடைவெளி. சென்னையில் கணக்கு வேறு. 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடி வெயில் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். வெறும் இடைவெளியோடு இரட்டையாக்கினால் பெரிதாகக் குறையாது. வெயிலைத் திருப்பி அனுப்புவது கண்ணாடியில் பூசிய, கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் படலம். நல்ல படலம் இருந்தால் உள்ளே வரும் சூடு கால் பங்கு அளவுக்கு இறங்கும். ஆனால் வெள்ளி காற்றுப் பட்டால் கறுத்துவிடும். அதற்கு மூடிய இடம் வேண்டும். வெளித்தகட்டின் உள்முகத்தில் பூசி, இடைவெளிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். மேற்குப் பார்த்த அலுவலகங்களில் டி.ஜி.யூ. போட இதுவே முதல் காரணம் என்பேன். படலம் இல்லாத டி.ஜி.யூ.வுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஹான்காக் கோபுரத்தில் மாற்றாக வந்தது ஒற்றைத் தகடான ‘டஃபன்ட்’ கண்ணாடி. கண்ணாடியை 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பாய்ச்சி மேற்பரப்பைச் சட்டென்று குளிரவைப்பார்கள். நடுப்பகுதி பின்னால் ஆறிச் சுருங்கும்போது, முன்பே இறுகிய மேற்பரப்பை உள்ளே இழுத்து நெருக்கும். விரிசல் விழ அந்த நெருக்கத்தை மீற வேண்டும் என்பதால் பலம் நான்கைந்து மடங்கு கூடுகிறது. வெயில்பட்ட நடுப்பகுதிக்கும் நிழலில் இருக்கும் விளிம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தையும் தாங்கும். அளவெடுத்து அறுப்பது, துளையிடுவது எல்லாம் உலைக்குப் போகும் முன்பே முடிய வேண்டும். பிறகு தொட்டால் பொடியாகிவிடும்.

இதற்கும் ஒரு நோய் உண்டு. உருக்கும்போது நிக்கல் சல்ஃபைடு துகள் ஒன்று உள்ளே சிக்கிவிட்டால், அது ஆண்டுக்கணக்கில் மெல்லப் பருத்து, யாரும் தொடாத ஒரு நாளில் கண்ணாடியை வெடிக்கவைக்கும். சில்லுகள் சட்டத்தில் நின்றிருந்தால், வெடிப்பு தொடங்கிய இடத்தில் பட்டாம்பூச்சிச் சிறகு போல இரண்டு பெரிய துண்டுகள் தெரியும். உற்பத்திச் சாலையிலேயே சில மணி நேரம் சூட்டில் வைத்து, உடையக்கூடியதை அங்கேயே உடைத்துவிடும் சோதனை உண்டு. ஆபத்து குறையும், முழுதாகப் போகாது. சில்லுகள் சிறியவைதான். ஆனால் கொத்தாக ஒட்டிக்கொண்டு பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் தலை தாங்காது.

அந்த இடத்தில்தான் ‘லேமினேட்டட்’ தேவைப்படுகிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் தாளை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குகிறார்கள். உடைந்தாலும் சில்லுகள் தாளிலேயே தங்கும். இரு தகடுகளும் டஃபன்ட்டாக இருந்து இரண்டும் நொறுங்கினால் மட்டும், பலகமே நனைந்த துணி போலத் தொய்ந்துவிடும். அதனால் தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் கூரைகளுக்குப் பாதி அளவு பதப்படுத்திய ‘ஹீட் ஸ்ட்ரெங்தன்ட்’ தகடுகளை ஒட்டுவது நல்லது. அவை பெரிய துண்டுகளாக உடைவதால் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

நடைபாதைக்கு மேலே உயர்ந்து நிற்கும் முகப்புக்கு என்னிடம் கேட்டால், டி.ஜி.யூ.வின் வெளித்தகட்டை லேமினேட்டட்டாகவே போடச் சொல்வேன். செலவும் எடையும் கூடும். உடைந்தால் முதலில் தெருவில் விழுவது அந்தத் தகடுதான்.

உங்கள் அலுவலக ஜன்னலில் என்ன இருக்கிறது என்று பார்க்க, மாலையில் ஒரு சிறு விளக்கைக் கண்ணாடியருகே சாய்வாகப் பிடியுங்கள். நான்கு பிம்பங்கள் தெரிந்தால் டி.ஜி.யூ. அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், உள்ளே படலம் இருக்கிறது.