எந்தத் தகவல், தம்பி?

நூலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் எழுதிய பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாருங்க" என்று தாளை நீட்டினான். ஒரு பத்தியில் நான்கே வாக்கியங்கள், ஏழு ‘தி’.

"தி இன்ஃபர்மேஷன் ஈஸ் தி கீ. ஐ லவ் தி புக்ஸ். தி பேஷன்ஸ் ஈஸ் நீடட் ஃபார் தி லைப்ரேரியன்ஸ். தி சில்ட்ரன் இன் மை ஸ்ட்ரீட் பாரோ தி நாவல்ஸ் ஃப்ரம் மீ."

"எந்தத் தகவல், தம்பி?" என்று கேட்டேன். "பொதுவாத்தாண்ணே சொன்னேன்." அப்படியானால் முதல் ‘தி’ வேண்டாம். ‘இது எது என்று உனக்கே தெரியும்’ என்று படிப்பவரிடம் சொல்வதுதான் ‘தி’யின் வேலை. பொதுவான பொறுமைக்கும் பொதுவான புத்தகங்களுக்கும் அது ஒட்டாது.

தமிழில் ‘தி’ இல்லையே தவிர, இந்த வேறுபாடு நம்மிடம் உண்டு. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒன்று. "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் கேட்பவருக்கும் தெரிந்த ஒன்று. ஆனால் ‘ஐ’யை மட்டும் நம்பக் கூடாது. "புத்தகங்களை நேசிக்கிறேன்" என்று பொதுவாகச் சொல்லும்போதும் அது வந்துவிடும். ‘அந்த’ சேர்த்துப் பார்ப்பதே மேல். "அந்தப் புத்தகங்களை நேசிக்கிறேன்" என்றால் எந்தப் புத்தகங்கள் என்ற கேள்வி எழுகிறதல்லவா? அந்தக் கேள்விக்குக் கடிதத்தில் பதில் இல்லையென்றால் ‘தி’யை அடித்துவிடலாம்.

இந்தப் பழக்கம் வந்த வழியும் புரிகிறது. "ஐ பாட் புக்" என்று எழுதினால் பள்ளியில் சிவப்பு மை. எண்ணக்கூடிய ஒருமைச் சொல்லுக்கு முன்னால் ‘எ’யோ ‘தி’யோ ‘மை’யோ ஏதாவது வந்தே தீர வேண்டும். அந்தப் பயத்தில் பன்மைக்கும், எண்ண முடியாத பொறுமைக்கும்கூட ‘தி’ மாட்டிவிடுகிறோம். அவை தனியே நிற்கும்.

தம்பியின் பத்தியில் ‘கீ’ கொஞ்சம் வேறு. "இன்ஃபர்மேஷன் ஈஸ் கீ" என்னும்போது அது ‘மிக முக்கியம்’ என்ற பெயரடை, ‘தி’ கேட்காது. "தி கீ டு சக்சஸ்" என்று நீட்டினால் அது பெயர்ச்சொல், ‘தி’ இருக்கலாம்.

‘அந்த’ சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. சூரியனை நாம் ‘அந்தச் சூரியன்’ என்பதில்லை; ஆங்கிலத்தில் ‘தி சன்’தான். பணக்காரர்கள் எல்லோரையும் ‘தி ரிச்’ என்பார்கள். ‘ஹிஸ்டரி’ தனியே வந்தால் வெறுமையாக நிற்கும். மதுரையின் வரலாறு என்று வரம்பு கட்டியதும் ‘தி ஹிஸ்டரி ஆஃப் மதுரை’ ஆகிவிடும்.

பேனாவை வாங்கி ஆறு ‘தி’யை அடித்தேன். தெருப் பிள்ளைகளுக்கு முன்னால் இருந்ததை மட்டும் விட்டுவைத்தேன்.

"இது ஏண்ணே?"

"எந்தப் பிள்ளைங்கன்னு நீயே சொல்லிட்டியே."