இறுகிய கண்ணாடி மூடியைத் திறப்பது எப்படி?

கோடை விடுமுறை முடிந்து பள்ளி வேதியியல் ஆய்வகத்தைத் திறக்கும்போது, அலமாரியில் ஏதாவதொரு பாட்டிலின் கண்ணாடி மூடி திறக்க வராமல் அடம்பிடிக்கும். பெரும்பாலும் அது சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டில்தான். இந்த வகை பாட்டில்களில் கழுத்தின் உட்புறத்தையும் மூடியின் தண்டையும் சொரசொரப்பாகத் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி செய்திருப்பார்கள். அந்த இடுக்கில் தங்கும் காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உப்பாகக் காய்கிறது. கூடவே கண்ணாடியில் உள்ள சிலிக்காவையும் மெல்ல அரித்து சோடியம் சிலிக்கேட்டாக மாற்றுகிறது. மூடியைப் பிடித்து வைத்திருக்கும் பசை இதுதான்.

பலம் கொடுத்துத் திருகவே கூடாது. கழுத்து உடைந்தால் உள்ளங்கையில் கண்ணாடி ஏறும். அதே காயத்தில் காரமும் படும்.

முதலில் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, பாட்டிலை ஒரு தட்டில் வையுங்கள். ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கழுத்தில் மட்டும் சுற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். அரை நிமிடத்தில் கழுத்து சூடேறி விரியும். உள்ளே இருக்கும் மூடிக்கு அந்தச் சூடு இன்னும் போயிருக்காது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரணக் கண்ணாடிக் கழுத்து, மூடியைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 4 மைக்ரான்தான் விரியும். தலைமுடியின் பருமனில் இது மிகச் சிறிய பங்கு. ஆனாலும் உப்புப் பிடி விரிசல் விட இது போதும். அதிக நேரம் சூடுகாட்டினால் மூடியும் சேர்ந்து விரிந்துவிடும், பலன் இருக்காது.

துணியை எடுத்ததும் ஒரு சிறு மரக்கட்டையால் மூடியின் தலையைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் தட்டியதும் எதிர்ப்பக்கம், பிறகு பாட்டிலைச் சற்றே திருப்பி மறுபடியும். கதவைத் தட்டும் அளவு விசைகூட வேண்டாம். இரும்புச் சுத்தியல் கூடவே கூடாது. பிடி விட்டால் தட்டும் ஓசை மாறும், மூடி இலேசாக ஆடும். அப்போது மேல்நோக்கி மெதுவாக எடுக்கலாம். அசையாவிட்டால் பாட்டிலை ஆறவிட்டு, மூடியைச் சுற்றி இரண்டு மூன்று சொட்டு தண்ணீர் விட்டு ஊறவைத்து மறுபடி முயலுங்கள்.

எல்லா பாட்டிலுக்கும் இது பொருந்தாது. அமோனியா பாட்டிலைச் சூடுபடுத்தினால் உள்ளே அழுத்தம் கூடி, திறந்ததும் முகத்தில் பீறிடும். ஈதர், பிக்ரிக் அமிலம் இருக்கும் பழைய பாட்டில்களின் மூடியைத் தொடவே கூடாது. அந்த இடுக்கில் வெடிக்கும் படிகங்கள் சேர்ந்திருக்கலாம். லேபிள் அழிந்திருந்தாலும் அப்படியே வைத்துவிட்டுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடை இனி ரப்பர் அடைப்பான் போட்ட பாட்டிலிலோ பிளாஸ்டிக் பாட்டிலிலோ ஊற்றி வையுங்கள்.