டேட்டா இஸ் சரி, கிரைட்டீரியா இஸ் ஏன் தவறு?

மாணவர் ஆங்கிலக் கட்டுரையில் ‘தி மெயின் கிரைட்டீரியா இஸ் ஹானஸ்டி’ என்று எழுதுகிறார். வட்டம் போடலாமா? தாராளமாகப் போடுங்கள். கிரைட்டீரியா கிரேக்க வழிப் பன்மை. அதன் ஒருமை கிரைட்டீரியன். நேர்மை ஒன்றுதான் தகுதி என்றால் ‘கிரைட்டீரியன் இஸ்’. அனுபவமும் வேண்டும் என்றால் ‘கிரைட்டீரியா ஆர்’. ஃபினாமினன், ஃபினாமினாவுக்கும் இதே கணக்குத்தான்.

அப்படியானால் ‘டேட்டா இஸ்’ மட்டும் எப்படிச் சரி என்று மாணவர் கேட்பார். நல்ல கேள்விதான். டேட்டாவும் லத்தீன் பன்மை, ஒருமை டேட்டம். ஆனால் அன்றாடப் பேச்சில் யாரும் அதை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. தண்ணீரைப் போல ‘மச் டேட்டா’ என்று அளவாகச் சொல்கிறோம். அதனால் ஒருமை வினை ஏற்கப்பட்டுவிட்டது. அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளில் ‘டேட்டா ஆர்’ இன்னும் உண்டு. எதை எடுத்தாலும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்கக் கூடாது.

கிரைட்டீரியாவை இன்றும் எண்ணுகிறோம், ‘த்ரீ கிரைட்டீரியா’ என்று. ஆகவே பேச்சில் ஒருமையாக அடிபட்டாலும் தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும். அஜெண்டா இதற்கு நேர்மாறு. அது முழு ஒருமையாகி, அஜெண்டாஸ் என்று புதுப் பன்மையே பெற்றுவிட்டது.

நம்ம பிள்ளைகளுக்கு ‘ரெண்டு புத்தகம் இருக்கு’ இயல்பு, பன்மைக்கும் ‘இருக்கு’தான். அதனால் ‘கிரைட்டீரியா இஸ்’ அவர்கள் காதில் உறுத்தாது. திருத்தும்போது முன்சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்: ‘எ ஃபினாமினா’, ‘திஸ் கிரைட்டீரியா’ என்று இருந்தால் பிழை அங்கேயே தெரியும்.