வாழ்த்துக்குக் கீழே நாலு வரி

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவில் பக்கத்து பேக்கரிகளில் கண்ணாடி அலமாரிக்கு மேலே ஒரு நட்சத்திரம் தொங்கும். அதன் பக்கத்தில் ஓர் அட்டை. அதே அட்டையைப் படம் பிடித்து வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுவார்கள். எழுதியிருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்:

"அனைவருக்கும் இனிய கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள். பிளம் கேக் ஆர்டர் டிசம்பர் 15 மாலை வரை மட்டும். ரம் சேர்த்தது, சேர்க்காதது, முட்டையில்லாதது எது என்று சொல்லவும். கேக் 22ஆம் தேதி முதல் கிடைக்கும்."

வாழ்த்தைப் படித்துவிட்டு மீதியைக் கவனிக்காமல் போகிறவர்கள்தான் 23ஆம் தேதி வந்து, "ஒரு கிலோ கேக்குக்கு இவ்வளவு கெடுபிடியா அண்ணாச்சி?" என்று கோபித்துக்கொள்கிறார்கள். அந்த வரிகளில் கெடுபிடி ஒன்றும் இல்லை. கேக் எப்படி உருவாகிறது என்ற கணக்கு இருக்கிறது.

முதலில் பெயர். பிளம் கேக்கில் பிளம் பழம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சை போன்ற காய்ந்த பழங்களுக்குப் பொதுவாக 'பிளம்' என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் மட்டும் கேக்கோடு ஒட்டிக்கொண்டது. நம் பேக்கரி கேக்கில் இருப்பவை கறுப்புத் திராட்சை, கிஸ்மிஸ், பேரீச்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், முந்திரி, பிறகு டூட்டி ஃப்ரூட்டி. இந்த டூட்டி ஃப்ரூட்டி, பப்பாளிக்காயைத் துண்டு போட்டுச் சாயமும் சர்க்கரையும் ஏற்றியதுதான்.

இந்தக் கேக் நம் பக்கம் வந்ததற்கு வடகேரளத்தில் ஒரு கதை சொல்வார்கள். 1883இல், அஞ்சரக்கண்டியில் தோட்டம் வைத்திருந்த மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்துமஸ் கேக்கைத் தலச்சேரியில் பிஸ்கட் தொழிற்கூடம் நடத்திவந்த மம்பள்ளி பாப்புவிடம் கொடுத்து, இதுபோலச் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பிராந்தி சேர்க்கச் சொன்னார் துரை. பாப்புவோ உள்ளூர்ப் பழங்களிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்துச் செய்து கொடுத்தார். துரைக்குப் பிடித்துப்போயிற்று. அந்தக் குடும்பத்தின் பேக்கரித் தொழில் இன்றும் தொடர்கிறது.

இனி 15ஆம் தேதிக்கு வருவோம். ஒரு சின்ன பேக்கரிக்கு 280 கிலோ ஆர்டர் வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடுக்கு ஓவனில் ஒரு தடவைக்கு 24 ஒரு கிலோ அச்சுகள் நிற்கும். பிளம் கேக்கைப் பன் போல அதிகச் சூட்டில் பதினைந்து நிமிடத்தில் எடுக்க முடியாது. பழக்கனம் உள்ள மாவு என்பதால் 150, 160 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் மெதுவாக வேகவேண்டும். ஏற்றி இறக்கும் நேரமும் சேர்ந்தால் ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம். காலையில் ரொட்டிக்கும் பன்னுக்கும் ஓவன் வேண்டும். மதியத்துக்குப் பிறகு எட்டு மணி நேரம் கிடைத்தால் நாலு தடவை, அதாவது 96 கேக். ஆக 280 கேக்குக்கு மூன்று நாள். 16, 17, 18 தேதிகள் அதிலேயே போய்விடும்.

வெந்ததும் கொடுத்துவிடலாமே என்றால், கூடாது. சூடான பிளம் கேக்கை வெட்டினால் உதிரும். மசாலா வாசனை தனியாகவும் பழம் தனியாகவும் நிற்கும். அச்சிலேயே ஆறவைத்து, பட்டர் பேப்பரில் சுற்றி, நாலு நாளாவது வைத்திருக்கவேண்டும். பழத்துக்குள் இருக்கும் ஈரம் மெல்லக் கேக்குக்குள் பரவி, மேல் ஓடு இளகி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காயின் காரம் அடங்குவது அந்த நாட்களில்தான். 18இல் வெந்த கேக் 22இல் தயார்.

பழம் அதற்கும் முந்திய கதை. ஒரு கிலோ கேக்குக்கு 400 கிராம் பழம் என்றால் 280 கிலோவுக்கு 112 கிலோ. இதை நவம்பர் தொடக்கத்திலேயே நறுக்கி ரம்மிலோ பழச்சாற்றிலோ ஊறப்போட்டாகவேண்டும். அப்போது ஆர்டர் ஒன்றுகூட வந்திருக்காது. போன வருடக் கணக்கை வைத்து மாஸ்டர் குத்துமதிப்பாகப் போடுகிறார். தொட்டியில் ஊறிய பழம் தீர்ந்துவிட்டால், அவசரத்துக்குப் பழத்தைச் சாற்றில் கொதிக்கவைத்துச் சேர்ப்பதும் உண்டு. அது உண்ணத் தகாததல்ல. ஆனால் அந்த ஆழம் வராது. சரியாக ஊறாத பழத்தைப் போட்டால் இன்னும் மோசம். அது கேக்கின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கேக் வறண்டு, திராட்சை பல்லில் கடுக்கென்று நெருடும். கடைசி நேரத்துக் கேக்கை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

கறுப்பு நிறத்தையும் பார்க்கவேண்டும். அது சர்க்கரையைக் கருக்குவதால் வருவது. ஒரு பேக்கரி மாஸ்டர் அதைச் செய்யும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். அடிகனமான சட்டியில் தண்ணீர் இல்லாமல் சர்க்கரை உருகி, பொன்னிறம் தாண்டி, செம்பழுப்பு தாண்டி, நுரைத்துப் புகைய ஆரம்பிக்கும். அந்தக் கணத்தில் இன்னொரு கையிலிருக்கும் வெந்நீரைத் தள்ளி நின்று ஊற்றவேண்டும். 'சொய்ங்' என்று சீறும். இரண்டு நொடி முந்தினால் வெறும் இனிப்பு. இரண்டு நொடி பிந்தினால் கசப்பு. சரியான கேக்கில் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய ஒரு கசப்பு நிற்கும். நிறம் மட்டும் இருந்து அந்தச் சுவை இல்லையென்றால் நிறம் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

துண்டு போட்டபின் பழமெல்லாம் அடியில் கிடந்தால், மாவு தளர்வாக இருந்தது அல்லது பழத்தை வடிக்காமல் போட்டார்கள் என்று அர்த்தம். நடுவில் பிசுபிசுத்தால் சூடு கூட வைத்து அவசரமாக எடுத்திருக்கிறார்கள்.

ரம் வரி சம்பிரதாயத்துக்குப் போட்டதல்ல. ஓவனில் வெந்தால் சாராயம் முழுக்க ஆவியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பகுதி போகும், கொஞ்சம் தங்கும். சில கடைகளில் வெந்த பிறகும் கேக்கின் மேல் ரம் தடவுவார்கள். அது போவதற்கு வழியே இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மதுவை விலக்கியவர்களுக்கும் கொடுப்பதாக இருந்தால் திராட்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊறிய பழக் கேக்கைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டு சைவக் குடும்பத்துக்கு என்றால் முட்டையில்லாததைச் சொல்லவேண்டும். அதில் முட்டைக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க்கோ தயிரோ சேரும். கேக் கொஞ்சம் உதிரும், சீக்கிரம் சாப்பிட்டுவிடவேண்டும். பெட்டியில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு முக்கோணம் இருந்தால் முட்டை உண்டு.

ஆகவே இந்த வருடம் அட்டையைப் பார்த்தவுடன் கடையில் மூன்றே விஷயம் சொல்லுங்கள்: எத்தனை கிலோ, யாருக்கு, எந்தத் தேதிக்கு. வாங்கி வந்த கேக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஆறிய கேக்கை நல்ல கத்தியால் மெல்லிய துண்டாக வெட்டுங்கள். 23ஆம் தேதி போய் நின்று, மிச்சமிருப்பதைக் கொடுத்தார்கள் என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள். அவர் 15ஆம் தேதியே சொல்லிவிட்டார்.