லாபம் 90 லட்சம், வரி 77.5 லட்சத்துக்கு!

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தர கம்பெனி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஆண்டுக் கணக்கு காட்டும் லாபம் 90 லட்சம் ரூபாய். வருமான வரிக்குக் காட்டுவதோ 77.5 லட்சம்தான். ஏதோ தில்லுமுல்லு என்று தோன்றும். ஆனால் இரண்டுமே சட்டப்படி போட்ட கணக்குதான்.

வித்தியாசம் ஓர் இயந்திரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் ஒன்றரைக் கோடிக்கு வாங்கியது. கம்பெனிச் சட்டத்தின்படி பொதுவான இயந்திரங்களின் ஆயுள் 15 ஆண்டு. விலையைச் சமமாகப் பிரித்தால் (கடைசியில் கிடைக்கும் பழைய இரும்பு விலையை விட்டுவிடுவோம்) ஆண்டுத் தேய்மானம் 10 லட்சம். வருமான வரிச் சட்டமோ மீதமிருக்கும் மதிப்பில் ஆண்டுதோறும் 15 சதவீதம் கழிக்க விடுகிறது. முதல் ஆண்டில் அது 22.5 லட்சம். தேய்மானத்துக்கு முந்தைய லாபம் ஒரு கோடி என்றால், ஒரு பக்கம் 90, மறுபக்கம் 77.5.

சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு செஸ், சர்சார்ஜ் சேர்த்து வரி 25.168 சதவீதம். இப்போது கட்ட வேண்டியது சுமார் 19.51 லட்சம். மிச்சமாகும் 12.5 லட்சத்துக்கான வரி சுமார் 3.15 லட்சம். அது தள்ளுபடி ஆகவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது. அதனால் ஆடிட்டர் அதையும் செலவில் சேர்த்து, 'ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பு' என்று இருப்புநிலைக் குறிப்பில் எழுதுகிறார். மொத்த வரிச் செலவு 22.65 லட்சம், 90 லட்சத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

அந்தக் கடன் எப்போது தீரும்? வரிக் கணக்கின் தேய்மானம் ஆண்டுக்கு ஆண்டு குறையும். ஆறாம் ஆண்டில் அது 9.98 லட்சம் ஆகிவிடும். புத்தகத்தில் அதே 10 லட்சம். அங்கிருந்து வரிக் கணக்கின் லாபம்தான் பெரிதாக இருக்கும். முன்பு தள்ளிவைத்த வரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். ஊழியர்களின் கிராஜுவிட்டிக்கு 8 லட்சம் ஒதுக்கினால் புத்தகத்தில் இப்போதே செலவு. வரித் துறை பொதுவாக, பணத்தைக் கொடுத்த பிறகே ஏற்கும். வரியை முன்கூட்டியே கட்டியதாகும் என்பதால் சுமார் 2 லட்சம் 'ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்து' ஆகும். ஆனால் சட்டத்தை மீறியதற்குக் கட்டிய அபராதம் எந்த ஆண்டிலும் கழிக்கப்படாது. அதற்கு ஒத்திவைப்பு என்ற பேச்சே இல்லை.

தொடர்ந்து நஷ்டத்தில் ஓடும் கம்பெனி இந்தச் சொத்தைப் பெரிதாகக் காட்டினால் உஷாராகுங்கள். பிற்காலத்தில் லாபம் வந்தால்தான் அதற்கு மதிப்பு. ஆண்டறிக்கையில் வரி பற்றிய குறிப்பைத் திறந்து, எதனால் அது வந்தது என்று ஒருமுறை பாருங்கள்.