புதுத் தலைப்புக்கு வந்தவர் தெரிந்தவரா, அந்நியரா?

ரமணாசிரமம் பக்கம் உட்கார்ந்து நான் எழுதிய பழைய கட்டுரைகள் 24. அதில் 12-க்கு மட்டும் கார்த்திகை தீபத்துக்குக் கொஞ்சம் முன்னால் தலைப்பை மாற்றினேன். “குறிப்பு 14: மலைவலம்” என்று இருந்தது, “கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள்: எந்த வரிசையில், எங்கே” என்று ஆனது. நோக்கம் ஒன்றுதான். என்னைத் தெரியாத ஒருத்தர் கூகுளில் தேடும்போது இந்தத் தலைப்பைப் பார்த்து உள்ளே வரவேண்டும்.

ஒரு மாதம் கழித்து Search Console திறந்தால் கிளிக்குகள் நன்றாகவே ஏறியிருந்தன. சந்தோஷம். ரெண்டு நாள் கழித்துத்தான் சந்தேகம் வந்தது: ஏறினது அந்நியர்களா, இல்லை ஏற்கெனவே தெரிந்தவர்களா?

தேடி வருகிறவர்கள் ரெண்டு வகை. பதிவின் பெயரையே தட்டச்சு செய்து வருகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்குத் தலைப்பு எப்படி இருந்தாலும் கவலை இல்லை, முகவரிக்குப் பதிலாகத்தான் கூகுளைப் பயன்படுத்துகிறார்கள். “எமலிங்கம் எங்கே இருக்கிறது” என்று கேட்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. அவர்கள் முன்னால் பத்து முடிவுகள் இருக்கும், அதில் என்னுடையதைத் தேர்ந்தெடுக்கத் தலைப்புதான் காரணம். மொத்த எண்ணில் இந்த ரெண்டும் கலந்து கிடக்கும். முதல் வேலை பிரிப்பது.

Search Console-இல் Query ஃபில்டருக்குள் `Custom (regex)` என்று ஒன்று இருக்கிறது, 2021-இல் இருந்து. `Matches regex` போட்டால் பெயர்த் தேடல்கள், `Doesn't match regex` போட்டால் மற்றவை. கேட்க எளிது. ஆனால் பெயர் என்பது எது?

என் பதிவின் பெயர் “அருணைக் குறிப்புகள்”. முதலில் சோம்பேறித்தனமாக `arunai` என்று மட்டும் போட்டேன். இந்த ஊரில் அருணை என்ற பெயரில் பொறியியல் கல்லூரியே இருக்கிறது. அதைத் தேடுகிற மாணவர்கள் எல்லாம் என் “பழைய வாசகர்கள்” கணக்கில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பதிவின் பெயரில் “அருணாசலம்” இருந்திருந்தால் இன்னும் மோசம். `arunachal` என்று போட்டால் அருணாசலப் பிரதேசமும் உள்ளே வரும், 1997-இல் வந்த ரஜினி படமும் வரும். போதாததற்கு ஆந்திரா, தெலங்கானாவில் இருந்து வருகிற பக்தர்கள் திருவண்ணாமலையையே அருணாசலம் என்றுதான் சொல்வார்கள். நான் தேடிக்கொண்டிருக்கும் அந்நியர்களே அவர்கள்தான்!

ஆகவே விதி இது: அந்தச் சொல்லைத் தட்டினவர் என்னை நினைத்துத் தட்டியிருந்தால்தான் அது பெயர்த் தேடல். “ramanasramam room booking” என்பது ஆசிரமத்தின் தளத்துக்குப் பெயர்த் தேடல். ஆசிரமத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிய எனக்கு அது அந்நியர் தேடல். ஒரே வரி, ஆளுக்கு ஆள் வேறு பெட்டி.

கடைசியில் நான் வைத்துக்கொண்டது:

```
arunai\s*kurip+u[gk]+al|அருணை(க்)?\s*குறிப்பு
```

ஆங்கில எழுத்தில் ஒரு p, ரெண்டு p, g, k எல்லாவற்றையும் முதல் பாதி பிடிக்கும். ரெண்டாவது பாதியில் அடைப்புக்குறி முக்கியம். சந்தியில் வருகிற “க்” சிலர் போடுவார்கள், சிலர் விடுவார்கள். அதற்காக `க்?` என்று எழுதினால் வேலை செய்யாது. நம் கண்ணுக்கு “க்” ஒரே எழுத்து, யூனிகோடில் அது க-வும் புள்ளியும் சேர்ந்த ரெண்டு குறி. கேள்விக்குறி புள்ளியை மட்டும்தான் விருப்பமாக்கும், “அருணை குறிப்புகள்” என்று தட்டினவர் தப்பித்துப் போய்விடுவார். `(க்)?` என்றால்தான் ரெண்டும் சேர்ந்து போகும்.

பெயர்த் தேடல்களைத் தானே பிரித்துக் காட்டும் ஃபில்டரைக் கூகுள் 2025 நவம்பரில் அறிவித்தது. ஆனால் அது போதிய தேடல் இருக்கும் தளங்களுக்குத்தான். என்னைப் போன்ற சின்னப் பதிவுக்கு இன்னமும் இந்தக் கைவேலைதான்.

இப்போது கணக்கு. புரிவதற்காக எண்களைச் சின்னதாக, முழுசாக வைத்துக்கொள்கிறேன். முன்பு மொத்தம் 300 கிளிக், பிறகு 420. பெயர்த் தேடல் 210-இல் இருந்து 300. மற்றவை 60-இல் இருந்து 88. கூட்டிப் பாருங்கள், முன்பு 30 குறையும், பிறகு 32 குறையும். தப்பு இல்லை. வெகு சிலரே தேடிய வரிகளைத் தனியுரிமைக்காகக் கூகுள் காட்டாது. Query ஃபில்டர் போட்டதும் அவை ரெண்டு பக்கத்தில் இருந்தும் விழுந்துவிடும். தமிழில் ஒரே கேள்வியைப் பல எழுத்துக்கூட்டலில் தட்டுவதால் இந்த இழப்பு நமக்குச் சாதாரணம். அந்த 32-ஐ எந்தப் பெட்டியிலும் போடக்கூடாது. மொத்தத்தில் இருந்து பெயர்த் தேடலைக் கழித்து “மீதி எல்லாம் அந்நியர்” என்று சொல்கிற பழக்கம் இங்கேதான் தப்பாகிறது.

ஆக, ஏறிய 120-இல் 90 பெயர்த் தேடல். யாரோ ஒரு வாட்ஸப் குழுவில் பதிவைச் சொல்லியிருக்கலாம். தலைப்புக்கு அதில் பங்கில்லை.

மீதி 28 அந்நியர் தலைப்புக்காக வந்தார்களா? அதுவும் இல்லை, தீபம் நடுவில் இருக்கிறதே. தீப சமயத்தில் திருவண்ணாமலை பற்றி எல்லோரும் தேடுவார்கள். இங்கேதான் மாற்றாமல் விட்ட 12 கட்டுரைகள் கை கொடுத்தன. Page ஃபில்டரையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால், மாற்றாதவை 30-இல் இருந்து 38, மாற்றியவை 30-இல் இருந்து 50. சும்மா இருந்ததே 8 ஏறியிருக்கிறது, அது ஊரின் சீசன். தலைப்பின் கணக்கில் வைக்கக்கூடியது 20-இல் 8 போக 12. முதலில் சந்தோஷப்பட்ட 120-இல் பத்தில் ஒரு பங்கு.

அந்தப் 12-ஐயும் நம்பலாமா? இப்படி உதிரியாக வரும் எண்ணிக்கைகள், காரணமே இல்லாமல், ஏறக்குறைய அவற்றின் வர்க்கமூல அளவுக்கு ஆடும். நாலு எண்களையும் கூட்டினால் (30+50+30+38) 148, வர்க்கமூலம் சுமார் 12. அதாவது எனக்குக் கிடைத்த விளைவும் சும்மா ஆடுகிற ஆட்டமும் ஒரே அளவு. ஒரு மாதத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இதே போக்கு நாலு மாதம் நீடித்தால் விளைவு 48, ஆட்டம் 24. அப்போது கொஞ்சம் தைரியமாகப் பேசலாம்.

மாதம் என்பதிலும் இந்த ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. Search Console-இல் கைக்கு எளிதாக வருவது “கடைசி 28 நாள்”. பௌர்ணமியில் இருந்து பௌர்ணமிக்கு சுமார் 29½ நாள். 28 நாள் ஜன்னலில் சில சமயம் பௌர்ணமியே விழாமல் போகும், அப்போது கிரிவலம் தேடுகிறவர்கள் குறைந்து தலைப்பு தோற்றுவிட்ட மாதிரி தெரியும். அதனால் தேதிகளைக் கையாலேயே கொடுத்து, ஒவ்வொரு ஜன்னலிலும் சரியாக ஒரு பௌர்ணமி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். தொடக்கத் தேதியும் நான் தலைப்பு மாற்றிய நாள் இல்லை, தேடல் முடிவில் புதுத் தலைப்பு தெரிய ஆரம்பித்த நாள். சில பக்கங்களுக்குக் கூகுள் நாம் கொடுத்ததை விட்டுவிட்டுத் தானாகவே வேறு தலைப்பு காட்டும், அந்தப் பக்கங்களை இந்தக் கணக்கில் இருந்து எடுத்துவிட வேண்டும்.

இதுவரை ரெண்டு பௌர்ணமி போயிருக்கிறது. இன்னும் ரெண்டு போகட்டும். அதுவரை மீதி 12 தலைப்புகளில் கை வைப்பதாக இல்லை.