உட்கணங்கள்: வரிசை மாறினால் விடை தவறா?

மூன்று உறுப்புகள் கொண்ட கணத்திற்கு எட்டு உட்கணங்கள் உண்டு. அவற்றை அச்சிடப் பைத்தான் நிரல் எழுதச் சொன்னால், இரு மாணவர்களின் வெளியீடு இரு வேறு வரிசையில் வருகிறது. விடைக்குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டால் ஒருவர் மதிப்பெண் இழப்பார். ஆனால் இருவருமே சரியாக எழுதியிருக்கலாம். வகுப்பில் நான் இதை விளக்கும் முறையை இங்கே பகிர்கிறேன்.

முதல் முறை பிட்மாஸ்க். 0 முதல் 7 வரையுள்ள ஒவ்வோர் எண்ணையும் இருநிலை எண்ணாகப் பார்க்கிறோம். ஒரு பிட் 1 எனில் அதற்குரிய உறுப்பு உட்கணத்தில் சேரும்.

```
a = [10, 20, 30]
for m in range(8):
    print([a[i] for i in range(3) if m & (1 << i)])
```

வலக்கோடிப் பிட் முதல் உறுப்பான 10-க்கு உரியது. எனவே 6, அதாவது 110, தருவது [20, 30]. வெளியீட்டு வரிசை: [], [10], [20], [10, 20], [30], [10, 30], [20, 30], [10, 20, 30].

இரண்டாம் முறை தற்சுழற்சி. ஒவ்வோர் உறுப்பையும் முதலில் விட்டுவிட்டும், பிறகு சேர்த்தும் பார்க்கிறோம்.

```
def f(i, s):
    if i == 3:
        print(s)
        return
    f(i + 1, s)
    f(i + 1, s + [a[i]])
f(0, [])
```

இதன் வரிசை: [], [30], [20], [20, 30], [10], [10, 30], [10, 20], [10, 20, 30].

ஏன் இந்த வேறுபாடு? எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டும்போது வலக்கோடிப் பிட்தான் அடிக்கடி மாறும். ஆகவே பிட்மாஸ்க்கில் 10 ஒவ்வோர் அடிக்கும் வருவதும் போவதுமாக இருக்கிறது. தற்சுழற்சியிலோ 10 பற்றிய முடிவு முதலிலேயே எடுக்கப்படுகிறது. அது மாறும் முன் மற்ற இரண்டின் நான்கு சேர்க்கைகளும் முடிந்துவிடும். அங்கே அடிக்கடி மாறுவது 30.

இதை மாணவர்களே சோதிக்கலாம். பிட்மாஸ்க் நிரலில் `1 << i` என்பதை `1 << (2 - i)` என மாற்றினால், தற்சுழற்சியின் வரிசை அப்படியே கிடைக்கும். தற்சுழற்சியின் கடைசி இரு அழைப்புகளை இடம் மாற்றினால், அதன் வரிசை தலைகீழாகும்.

எனவே திருத்தும்போது நான் பார்ப்பவை இரண்டு: எட்டு உட்கணங்கள் உள்ளனவா, ஏதேனும் இருமுறை வந்துள்ளதா. ஏழு மட்டும் இருந்தால் விடுபட்டது எது எனப் பார்க்கிறேன். வெற்றுக்கணம் இல்லையெனில் பெரும்பாலும் `range(1, 8)` என்றிருக்கும்; முழுக்கணம் இல்லையெனில் `range(7)` என்றிருக்கும். இவை உண்மையான பிழைகள். குறிப்பிட்ட வரிசைதான் வேண்டுமென்றால், அதை வினாவிலேயே சொல்லிவிட வேண்டும்.